பாதி விலைக்குக் கேட்பவருக்கு என்ன பதில் எழுதுவது? பழைய ஸ்கூட்டர் விற்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ வண்டியை விற்பனைக்குப் போட்டதும் முதலில் வருவது பெரும்பாலும் அடிமாட்டு விலைதான். 46,000 என்று போட்டிருப்போம், "28-க்குத் தருவீங்களா?" என்று ஒரு வரி வரும். புதிதாக விற்பவர்கள் இந்த இடத்தில் ஒன்று கோபப்பட்டு பிளாக் செய்துவிடுகிறார்கள், இல்லையென்றால் பயந்துபோய் உடனே விலையை இறக்கிவிடுகிறார்கள். நண்பர்கள், சொந்தக்காரர்கள் வண்டிகளை விற்றுக்கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: அப்படிக் கேட்டவர்களில் ஒரு பகுதியினர் நல்ல விலை கொடுத்து வண்டியை எடுத்துப்போகிறவர்கள்தான். அவர்களை நேரில் வரவைக்கும் பதிலை எப்படி எழுதுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2019-ல் வாங்கிய ஆக்டிவா 5ஜி, சிங்கிள் ஓனர், 31,000 கிலோமீட்டர் ஓடியது, திருச்சியில் இருக்கிறது. இதில் வரும் விலைகள் கணக்கு புரிவதற்காகச் சொல்பவை. உங்கள் ஊரில், உங்கள் வண்டிக்கு அவை மாறும்.

1. விளம்பரம் போடும் முன்பே மூன்று விலைகளை எழுதி வையுங்கள்

பதிலை நன்றாக எழுதுவதற்கான வேலை விளம்பரம் போடும் முன்பே தொடங்குகிறது. கேட்கும் விலை, கிடைத்தால் போதும் என்ற விலை, இதற்குக் கீழே தருவதில்லை என்ற விலை. மூன்றையும் தாளில் எழுதுங்கள்.

அடிமட்ட விலையை மனசுக்குத் தோன்றியபடி வைக்கக் கூடாது. உங்கள் ஊரில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடைகள் இரண்டிலாவது வண்டியைக் காட்டி, "இன்றைக்கே எடுத்துக்கொண்டால் என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். வண்டியை விற்றே ஆக வேண்டிய நிலை வந்தால் உங்கள் கைக்கு வரப்போவது அந்தத் தொகைதான். நம் உதாரணத்தில் கடைக்காரர் 37,000 சொல்கிறார். படம் எடுத்து, விளம்பரம் போட்டு, பத்துப் பேரிடம் பேசும் சிரமத்துக்கு 2,000 கூட்டி, 39,000-ஐ அடிமட்டம் என்று வைப்போம். எதிர்பார்ப்பு 42,000. கேட்கும் விலை 46,000.

இந்தத் தாள் கையில் இருந்தால் 28,000 என்ற செய்தி உங்களை ஒன்றும் செய்யாது. கடையிலேயே 37,000 கிடைக்கும் என்று தெரிந்தவருக்கு 28,000-ஐப் பார்த்துக் கோபம் வருவதில்லை. அந்த நிதானம் எழுத்திலும் தெரியும்.

2. சரிபார்க்கக் கூடிய ஆதாரங்களைப் போனில் தயாராக வையுங்கள்

குறைத்துக் கேட்பவருக்கு நீங்கள் சொல்லப்போகும் காரணம், அவரே சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். "வண்டி சூப்பர் கண்டிஷன்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அதை யாரும் நம்புவதில்லை. பின் டயர் மாற்றிய பில், பேட்டரி பில், கடைசி சர்வீஸ் பில், ஓடோமீட்டர் படம் ஆகியவற்றைத் தனி ஆல்பமாக வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் இருக்கும் உங்கள் போன் நம்பரையும் முகவரியையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

இன்சூரன்ஸை மறக்காமல் பாருங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு புதிதாக வாங்கிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2019-ல் வாங்கிய வண்டிக்கு அது 2024-லேயே முடிந்திருக்கும். பலர் அதைக் கவனிப்பதில்லை, வாங்க வருபவர் எம்பரிவாஹன் ஆப்பில் பார்த்துச் சொல்லும்போதுதான் தெரிகிறது. அந்த நிமிடத்தில் உங்கள் பேரம் பலவீனமாகிவிடும். முதலிலேயே புதுப்பித்துவிட்டு "இன்சூரன்ஸ் கரண்டில் இருக்கிறது" என்று எழுதுவது நல்லது. அபராதச் செலான் ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள்.

லோன் போட்டு வாங்கிய வண்டி என்றால், ஆர்.சி.யில் இன்னும் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் அடைத்த பிறகும் என்.ஓ.சி. வாங்கி, ஃபார்ம் 35 கொடுத்து நீக்கினால்தான் அந்தப் பெயர் போகும். அது இருக்கும் வரை குறைத்துக் கேட்பவருக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது.

வண்டியில் இருக்கும் குறைகளை விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். நம் வண்டியின் இடது பக்க பேனலில் ஒரு நீளமான கீறல். அதைப் படத்தோடு போட்டுவிட்டால், அந்தக் கீறலைக் காட்டி யாரும் 3,000 குறைக்க முடியாது. 46,000 என்பது கீறலையும் சேர்த்த விலை என்று சொல்லிவிடலாம்.

3. கேட்பவர் யார் என்று பாருங்கள்

பதில் எழுதும் முன் அவர் அனுப்பிய செய்தியை இன்னொரு முறை படியுங்கள். குறைத்துக் கேட்பவர்களில் எனக்குத் தெரிந்து மூன்று வகை உண்டு.

முதல் வகை, எல்லா விளம்பரத்துக்கும் ஒரே வரியை அனுப்பிக்கொண்டு போகிறவர். வண்டியைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்காது. நீங்கள் பதில் போட்டாலும் பெரும்பாலும் திரும்பி வரமாட்டார்.

இரண்டாவது, வாங்கி விற்கும் கன்சல்டிங்காரர். "எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரைக்கும், சாவி ரெண்டு இருக்கா?" என்று வரிசையாக, பழகிய கையாகக் கேட்பார். லாபம் வைத்து விற்க வேண்டியவர் என்பதால் அவர் விலை ஓரளவுக்கு மேல் ஏறாது. ஃபார்மில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வண்டி யார் யார் கைக்கோ போய் விபத்தானாலும், ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பெயர்தான்.

மூன்றாவது வகைக்காகத்தான் இந்த வழிகாட்டியே. சொந்த உபயோகத்துக்கு வாங்க வந்தவர், மனதில் ஒரு பட்ஜெட் வைத்திருப்பவர். கேட்டுத்தான் பார்ப்போமே என்று குறைத்துக் கேட்கிறார். "மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?", "எங்க வந்து பார்க்கலாம்?" என்று ஒரு கேள்வியாவது சேர்ந்து வந்தால், அவர் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

யார் எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதபோது மூன்றாவது வகை என்றே வைத்துப் பதில் எழுதுங்கள். தவறாகப் போனால் போவது ஒரு நிமிடம்தான்.

4. முதல் பதிலை இந்த வரிசையில் எழுதுங்கள்

கேட்ட அன்றைக்கே, முடிந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பதில் போடுங்கள். அவர் இன்னும் நாலு வண்டிகளுக்குச் செய்தி அனுப்பியிருப்பார். எரிச்சலாக இருந்தால் மட்டும் ஒரு டீ குடித்துவிட்டு வந்து எழுதுங்கள்.

நான் எழுதித் தருகிற பதில் இப்படி இருக்கும்:

"வணக்கம் சார், வண்டியைக் கேட்டதுக்கு நன்றி. 28-க்குக் கட்டுப்படியாகாது சார். போன நவம்பரில் பின் டயரும் பேட்டரியும் புதுசா மாற்றியிருக்கேன், பில் போட்டோ அனுப்பியிருக்கேன் பாருங்க. வண்டியை நேரில் ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க, விலையில் கொஞ்சம் பார்த்துப் பண்ணிக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் வசதியா, ஞாயிறு காலையா?"

ஐந்து வரிகள்தான். ஆனால் வரிசை முக்கியம்.

வணக்கமும் நன்றியும் முதலில் வர வேண்டும். குறைத்துக் கேட்டவருக்கு "திட்டுவாரோ" என்ற தயக்கம் உள்ளுக்குள் இருக்கும். அது முதல் வரியிலேயே போய்விட்டால் மீதியை நிதானமாகப் படிப்பார்.

இரண்டாவது வரியில் மறுப்பு. இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், சுற்றி வளைக்காதீர்கள். "பார்க்கலாம் சார்" என்று மழுப்பினால் 28-க்கே படிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வருவார், வாசலில் வந்து நின்று ஏமாந்து போவார். கட்டுப்படியாகாது என்று சொல்லும்போது உங்கள் கணக்கைச் சொல்கிறீர்கள். "இந்த விலைக்கு எங்கயும் கிடைக்காது" என்று எழுதினால் அவருக்கு விவரம் தெரியவில்லை என்று சொல்வதாகிவிடும். இரண்டிலும் செய்தி ஒன்றுதான், ஆனால் இரண்டாவதைக் கேட்டவர் திரும்பி வரமாட்டார்.

மூன்றாவது வரியில் ஒரே ஒரு காரணம், ஆதாரத்தோடு. இருக்கிற எல்லா நல்ல அம்சத்தையும் இங்கே கொட்டத் தோன்றும். கொட்டினால் விற்க அவசரப்படுவதாகத் தெரியும், படிப்பவரும் எதையும் பிடித்துக்கொள்ள மாட்டார். வாங்கிய கையோடு அவர் செலவு செய்ய வேண்டியிராத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டயரும் பேட்டரியும் அதனால்தான் நல்ல காரணம், அந்தப் பணம் தன் பையில் மிஞ்சும் என்று அவரே கணக்குப் போடுவார்.

நான்காவது வரி கதவைத் திறந்து வைக்கிறது. "கொஞ்சம் பார்த்துப் பண்ணிக்கலாம்" என்பதில் எண் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஐந்தாவது வரி கேள்வியாக முடிய வேண்டும். "வேணும்னா வாங்க" என்று முடித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். இரண்டு நேரத்தைச் சொல்லி எது வசதி என்று கேட்டால், அவர் விலையை விட்டுவிட்டு தன் வேலை நேரத்தை யோசிக்க ஆரம்பிப்பார்.

அழைக்கும் விதத்தில் ஒரு குறிப்பு. அவர் "அண்ணா" என்றால் நீங்களும் இயல்பாகப் பேசலாம், "ப்ரோ" என்றால் ப்ரோ. தெரியாதவரிடம் சார், மேடம்தான் பாதுகாப்பு. அவர் வயதில் சின்னவராகத் தெரிந்தாலும் "தம்பி" என்று நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், பேரத்தின் நடுவில் அது மட்டம் தட்டுவது போலக் கேட்கும்.

5. முதல் பதிலில் எதிர் விலை சொல்லாதீர்கள்

நான் பார்த்தவரை புதியவர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். அவர் 28 என்றதும் "44-க்குத் தரேன்" என்று உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். வண்டியை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் 2,000 போய்விட்டது. நேரில் வந்ததும் பேரம் 44-இலிருந்து தொடங்கும்.

அதைவிட மோசமானது, "சரி, நடுவில் வச்சுக்கலாம்" என்று இறங்குவது. கேட்பதற்கு நியாயமாகத் தெரியும், கணக்குப் போட்டுப் பாருங்கள். 46-க்கும் 28-க்கும் நடு 37. கன்சல்டிங் கடைக்காரர் தருவதாகச் சொன்ன அதே விலை, உங்கள் அடிமட்டத்துக்கும் 2,000 கீழே. அவர் 24 என்று தொடங்கியிருந்தால் நடு 35. அதாவது, எவ்வளவு குறைத்துக் கேட்கிறாரோ அவ்வளவு லாபம் அவருக்கு. மிகக் குறைந்த விலையை வைத்து நடுவைப் பிடிக்கவே கூடாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கரூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ வர வேண்டியவர், கிளம்பும் முன் ஓரளவு விலை தெரிய வேண்டும் என்று கேட்பது நியாயம். அவரிடம் "44-க்குப் பக்கத்தில் உங்களுக்குச் சரிப்படும் என்றால் வாங்க சார், இல்லையென்றால் உங்களுக்கு அலைச்சல்" என்று நேராகச் சொல்லிவிடலாம். அவ்வளவு தூரம் வரத் தயாராக இருப்பவருக்கு அந்தத் தகவல் போய்ச் சேர வேண்டியதுதான்.

6. அவருடைய அடுத்த வரிக்குத் தகுந்தபடி பேசுங்கள்

"லாஸ்ட் ரேட் சொல்லுங்க" என்று வந்தால்: "பார்க்காமல் கடைசி விலை சொன்னால் உங்களுக்கும் திருப்தி இருக்காது சார். வண்டி பிடித்தால் உட்கார்ந்து பேசி முடிச்சுக்கலாம்." இதற்கு மேல் வற்புறுத்தினால் ஒரு முறை போனில் பேசுங்கள். எழுத்தில் முரட்டுத்தனமாகத் தெரிகிற வாக்கியம் குரலில் மென்மையாகிவிடும்.

"வேற இடத்துல 30-க்கே இருக்கு" என்று வந்தால் வாதாடாதீர்கள். இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். "எந்த வருஷம் சார், எத்தனையாவது ஓனர்? அதையும் பாருங்க, இதையும் ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று எழுதுங்கள். 2015 மாடலையோ மூன்றாவது ஓனர் வண்டியையோ வைத்துச் சொல்கிறார் என்றால், உங்கள் கேள்விக்குப் பதில் யோசிக்கும்போதே அவருக்கு வித்தியாசம் புரிந்துவிடும்.

"சரி, 34" என்று ஏறி வந்தால் நல்ல செய்தி. இன்னும் அடிமட்டத்துக்குக் கீழேதான், ஆனாலும் ஒரே தாண்டில் 6,000 ஏறியிருக்கிறார், வாங்கும் எண்ணம் இருக்கிறது. அதை அங்கீகரியுங்கள்: "ஏற்றிக் கேட்டதுக்கு நன்றி சார், இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு. வந்து ஓட்டிப் பாருங்க, நேரில் பேசிக்கலாம்." எண் சொல்ல வேண்டாம் என்பது இங்கேயும் பொருந்தும்.

பதிலே வரவில்லை என்றால் மூன்று நான்கு நாள் விடுங்கள். அப்புறம் ஒரே ஒரு செய்தி, அதில் ஏதாவது புதுத் தகவலோடு: "சார், வண்டி இன்னும் இருக்கு. ஜெனரல் சர்வீஸ் முடிச்சு வச்சிருக்கேன். பார்க்கணும்னா சொல்லுங்க." விலையைக் குறைத்தபடி பின்னால் போகாதீர்கள். நீங்கள் தானாகக் குறைத்தால், இன்னும் நாலு நாள் பேசாமல் இருந்தால் மேலும் குறையும் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். குறைத்துக் கேட்பவரைவிட, வண்டியைப் பார்க்காமலே 46,000-க்குச் சம்மதித்து "க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும்.

7. நேரில் வந்ததும் சிறிது சிறிதாக, காரணத்தோடு இறங்குங்கள்

அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கும் வரை விலைப் பேச்சை எடுக்காதீர்கள். ஓட்டக் கொடுக்கும்போது அவருடைய லைசென்ஸை ஒரு பார்வை பாருங்கள், அவர் வந்த வண்டி உங்கள் வாசலில் நிற்கட்டும். காலையில் இன்ஜினைச் சூடாக்கி வைக்காமல், குளிர்ந்த நிலையில் அவர் கையாலேயே ஸ்டார்ட் செய்ய விடுங்கள். அது அவரிடம் ஏற்படுத்தும் நம்பிக்கையை எந்த வாக்கியமும் ஏற்படுத்தாது.

அப்புறம் பேரம். நம் உதாரணத்தில் அது இப்படிப் போகிறது. நீங்கள் 44,000 என்கிறீர்கள். அவர் 36. நீங்கள் 43,000. அவர் 39. இந்த இடத்தில் அவர் கூட்டி வந்த மெக்கானிக் ஹேண்டிலை ஆட்டிப் பார்த்து, "கோன் செட் போயிருக்கு" என்கிறார்.

உண்மையாகவே குறை என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் குத்துமதிப்பாக 3,000 குறைக்க விடாதீர்கள். "மாற்ற எவ்வளவு ஆகும்ணா?" என்று அந்த மெக்கானிக்கிடமே கேளுங்கள். அவர் கூலியோடு 900 என்கிறார். "சரி, அதையும் சேர்த்து 42. இன்றைக்கே அட்வான்ஸ் போட்டால் முடிச்சுக்கலாம்." அவர் 41 என்கிறார், 41,500-இல் முடிகிறது. உங்கள் எதிர்பார்ப்புக்கு 500 கீழே, கடை விலைக்கு 4,500 மேலே. 28,000-இல் தொடங்கிய அதே ஆளிடம்.

இறங்கிய அளவைப் பாருங்கள்: 2,000, அப்புறம் 1,000, அப்புறம் கோன் செட்டையும் சேர்த்து 1,000, கடைசியாக 500. ஒரே அளவில் 2,000, 2,000 என்று இறங்கிக்கொண்டே போனால் அடுத்த 2,000-க்கும் அவர் காத்திருப்பார். இறக்கம் சுருங்கிக்கொண்டே வந்தால் அடிமட்டம் பக்கத்தில் வந்துவிட்டது என்று சொல்லாமலே புரியும். பெரிய இறக்கம் ஒன்றைக் கொடுக்கும்போது அதற்குப் பதிலாக ஏதாவது கேளுங்கள். அன்றைக்கே அட்வான்ஸ், பெயர் மாற்றச் செலவு அவருடையது, இப்படி ஏதாவது ஒன்று.

8. படியவில்லை என்றால் திரும்பி வரும்படி அனுப்புங்கள்

38-க்கு மேல் ஒரு ரூபாய் ஏறமாட்டேன் என்று நின்றால் 39 என்ற உங்கள் எண்ணை வெளியே சொல்ல வேண்டாம். "இந்த விலைக்கு முடியல சார், வந்து பார்த்ததுக்கு நன்றி. உங்க நம்பர் வச்சிருக்கேன், விலை மாறினால் முதலில் உங்ககிட்ட சொல்றேன்" என்று அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் கழித்து ஏற்றிக் கேட்பவர்கள் உண்டு. வாசலில் முகம் சுளித்திருந்தால் அந்தப் போன் வராது.

பத்துப் பதினைந்து நாளாகியும் யாரும் 36-ஐத் தாண்டவில்லை என்றால், உங்கள் கேட்கும் விலையே தவறாக இருக்கலாம். அதே மாடல், அதே வருடம், அதே ஓனர் எண்ணிக்கையில் உங்கள் ஊரில் போட்டிருக்கும் மற்ற விளம்பரங்களைப் பாருங்கள். குறைப்பதென்று முடிவெடுத்தால் விளம்பரத்தில் மாற்றும் முன் பழைய ஆட்களுக்குச் சொல்லுங்கள்: "சார், 44-க்கு மாற்றப் போறேன், நீங்க முன்னாடியே கேட்டதால் முதலில் உங்களுக்குச் சொல்றேன்." 28-க்குக் கேட்டவரும் இந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

9. படிந்த விலையை அன்றைக்கே எழுத்தில் வையுங்கள்

விலை பேசி முடிந்ததும் அவர் முன்னாலேயே வாட்ஸப்பில் அனுப்புங்கள்: வண்டி எண், 41,500, வாங்கிய அட்வான்ஸ், மீதி எந்த நாளில், பெயர் மாற்றச் செலவு யாருடையது. இதை விட்டுவிட்டால் மீதிப் பணம் தரும் நாளில் "40-க்குத்தானே பேசினோம்" என்று இன்னொரு பேரம் தொடங்கும்.

மீதிப் பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30-இல் கையெழுத்துப் போடுங்கள். வாங்குபவரின் பெயரும் தேதியும் நிரப்பிய தாளில் மட்டும். அதே மாநிலத்துக்குள் விற்றால், விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு டெலிவரி நோட் உங்களிடம் இருக்கட்டும். அதன் பிறகு விளம்பரத்தை எடுத்துவிட்டு, இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு "வண்டி கொடுத்தாச்சு சார், நன்றி" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.